தையல் கணக்கு – 6: இருநூறு தாம்பூலப் பைகள்

சென்ற வாரம் பார்த்த ரவிக்கைக்குத் துணி வாடிக்கையாளருடையது. துணியையும் நாமே வாங்கும் ஆர்டரில், வெட்டும்போது வீணாகும் ஒவ்வொரு அங்குலமும் நம் பணம். கல்யாண வீட்டில் 200 தாம்பூலப் பை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 10 அங்குலம், உயரம் 12. துணி 36 அங்குலப் பன்னா காடா.

அடிப்பக்கம் மடிப்பாக வரும்படி ஒரே துண்டாக வெட்டினால், தையலுக்கும் வாய் மடிப்புக்கும் சேர்த்து ஒரு பைக்கு 11-க்கு 27 அங்குலம் வேண்டும். பன்னாவில் மூன்று பை அடங்கி, ஓரத்தில் 3 அங்குலப் பட்டை மிஞ்சும். அதைத் தூக்கி எறியக் கூடாது, கைப்பிடிக்கு அதுவே சரியான அகலம். ஆனால் அது 400 கைப்பிடிக்குப் போதாது. குறைவதற்குத் தனியாக 7.6 மீட்டர் வெட்ட வேண்டும். மொத்தம் 53.5 மீட்டர். நெசவுப் பழுது, முனைத்துண்டு, கோணல் வெட்டுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 56 மீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாங்குமுன் பன்னாவை டேப்பால் அளப்பது அவசியம். கரை போக 35 அங்குலமே கிடைத்தால் பட்டை ஒல்லியாகிவிடும்.

நூல் கணக்கில் பலர் கோட்டைவிடுகிறார்கள். தையல் ஓடும் நீளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல், மேல்நூலும் பாபின் நூலுமாகச் செலவாகும். இந்தப் பையில் ஓரத்தை இரட்டைத் தையலாகப் போட்டால் சுமார் 3 மீட்டர் தையல், 9 மீட்டர் நூல். அறுந்து போவதையும் சேர்த்தால் 200 பைக்கு 2,000 மீட்டருக்குக் குறையாது.

நேரத்துக்கு ஒரு மாதிரிப் பையை நம்பாதீர்கள். ஐந்து பைகளை விடாமல் தைத்து, பாபின் மாற்றுவது, நூல் நறுக்குவது, இஸ்திரி எல்லாம் உட்பட மணி பார்த்து ஐந்தால் வகுங்கள். 14 நிமிடம் வந்தால் மொத்தம் சுமார் 47 மணி நேரம்.

துணி மீட்டர் 70 ரூபாய், கூலி மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால் துணி 3,920, கூலி 3,760. நூல் 200, மின்சாரம், ஊசி, வண்டிச் சத்தம் 400. கூட்டினால் 8,280. பத்து சதவீத லாபத்தோடு பை ஒன்று ஏறக்குறைய 46 ரூபாய். கூலியை லாபத்துக்குள் ஒளித்துவைக்காமல் தனி வரியாக எழுதுவதே நியாயம். உதவிக்கு ஆள் வைத்தாலும் அந்த வரி அப்படியே நிற்கும்.

விலையைச் சொன்னதும், “பையை ரெண்டு அங்குலம் அகலமாப் போடுங்கம்மா, விலை அதேதானே?” என்பார்கள். சட்டென்று தலையாட்டிவிட வேண்டாம். 12 அங்குலப் பைக்கு வெட்டு 13 அங்குலம். பன்னாவில் இப்போது இரண்டுதான் அடங்கும். மிஞ்சும் 10 அங்குலத்தில் எல்லாக் கைப்பிடியும் கிடைத்துவிட்டாலும், துணி 72 மீட்டருக்குத் தாவும். துண்டைக் குறுக்கே திருப்பிப் போட்டாலும் பெரிதாக மிச்சமாகாது. பைக்கு 6 ரூபாய் கூடும். தாளில் பன்னாவை வரைந்து, இரண்டு வெட்டையும் அவர்களுக்கே காட்டி 52 ரூபாய் என்று சொல்லுங்கள்.