வாழையைத் தின்னது யானை

வினையை ஒட்டி அதன் முன்னால் நிற்கும் இடம் புதுச் செய்திக்கு உரியது என்று போன வாரம் பார்த்தோம். நினைவிருக்கும், மேலே போகலாம்.

நாடுகாணி லயம் ஒன்றின் பின்புறம் விடிகாலையில் வாழைகள் சாய்ந்து கிடக்கின்றன என்று வையுங்கள். “என்ன ஆச்சு?” என்று கேட்டால், “யானை வாழையைத் தின்னுடுச்சு” என்பார்கள். வாழை போனதைப் பார்த்துவிட்டு ஒருவர் காட்டுப்பன்றிமேல் பழி போட்டாலோ பதில் மாறும்: “பன்னி இல்லைங்க, வாழையைத் தின்னது யானை.” நடந்தது ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வாக்கியம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. வாழை தின்னப்பட்டது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும், அது முன்பாதி. யானை மட்டுமே புதிது, அது கடைசியில். இப்படிப் பிளப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கிளெஃப்ட்’ என்று 1937இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன். ஆங்கிலம் ‘இட் வாஸ்’ என்று பொருளில்லாத ஒரு தொடக்கத்தைப் போட்டு, அதை அடுத்து யானையை நிறுத்தும். வாழை பின்னால் வரும். பேச்சில் யானையை மட்டும் உரக்கச் சொல்லியும் ஆங்கிலம் இந்த வேலையை முடித்துக்கொள்ளும். தமிழில் வினையே உருமாறுகிறது. திறந்தேன், திறந்தாய், திறந்தார்கள் எல்லாம் மறைந்து, திறந்தது நான், திறந்தது நீ, திறந்தது அவர்கள் என்று ‘திறந்தது’ ஒன்றே மிஞ்சும்.

இந்தப் பிளவு எவ்வளவு கனமானது என்பதை மறுத்துப் பார்த்தால் தெரியும். தோட்டத்து கேட் வழியாக மாடு புகுந்துவிட்டது, விசாரணை நடக்கிறது. ஒருவர், “நான் கேட்டைத் திறக்கலை” என்கிறார். இதில் கேட் திறந்ததா இல்லையா என்பது பற்றி அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொருவர், “கேட்டைத் திறந்தது நான் இல்லை” என்கிறார். கேட் திறக்கப்பட்டது, திறந்தவர் வேறொருவர் என்பதை இவர் வாய் தானாகவே தந்துவிட்டது. அடுத்த கேள்வி “அப்போ யாரு?” என்றுதான் வரும். இரண்டையும் ‘திறக்கவில்லை என்றார்’ என்று ஒரே வரியில் எழுதிவைக்கும் எழுத்தர் ஒரு வாக்குமூலத்தைத் தொலைக்கிறார். வாக்குமூலம் எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தே ஆகவேண்டும்.

இனி, இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம். கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் பிரிந்து, ஒரு கிளை வழிக்கடவு, நிலம்பூர் பக்கம் இறங்குகிறது; மற்றது தேவாலா, பந்தலூர் போகிறது. சந்திப்பில் தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும். தமிழர், “யார் இந்தக் கதவைத் திறந்தாங்க?” என்று கேட்பார். மலையாளி, “ஆராணு ஈ வாதில் துறந்நது?” என்பார். ‘யார் இதைத் திறந்தது’ என்று நாம் விருப்பப்பட்டால் பிளப்போம். மலையாளத்திலோ கேள்விக்கு அதுவே இயல்பான நடை. வினாச்சொல் வினையை ஒட்டி நிற்காமல் விலகிவிட்டால், ‘ஆணு’ இல்லாமல் அந்தக் கேள்வி நிற்கவே நிற்காது. அதில் நியாயமும் இருக்கிறது. ‘யார்’ என்று கேட்கும்போதே திறந்தது உறுதி, ஆள்தான் தெரியாது. பிளவு வாக்கியத்துக்கு வேண்டிய இரண்டு பாதிகளும் கேள்விக்குள்ளேயே தயாராக இருக்கின்றன.

இதோடு முடியவில்லை. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் டான்டீ தோட்டங்களில் குடியேறினார்கள். அவர்கள் விட்டுவந்த தீவின் சிங்களத்தைப் பாருங்கள். “மம கெதர யனவா” என்றால் நான் வீட்டுக்குப் போகிறேன். வேறெங்கும் இல்லை, வீட்டுக்கு என்று அழுத்தினால் “மம யன்னே கெதர”. ‘யனவா’ ‘யன்னே’ ஆகிவிட்டது, நாம் ‘போகிறேன்’ என்பதை ‘போறது’ என்று மாற்றுவதுபோலவே. ‘யார் வந்தது?’ என்பதை “கவுத ஆவே?” என்று கேட்கும்போதும் வினை இந்த உருவில்தான் வரும். சிங்களமோ இந்திக்கு உறவான மொழி, இந்தி “கோன் ஆயா?” என்று சாதாரண வினையோடு கேட்டுவிட்டுப் போகிறது. அப்படியானால் சிங்களத்துக்கு இது எங்கிருந்து வந்தது? வாழ்நாளெல்லாம் சிங்களத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் கெய்ர், திராவிட வாக்கிய அமைப்பைப் பார்த்து வார்க்கப்பட்ட வார்ப்பு இது, பிறகு சிங்களம் அதைத் தனக்குரியதாக்கிக்கொண்டது என்று வாதிட்டார். ஒரு சொல்லைக்கூடக் கடன் வாங்காமல் வாக்கியத்தின் எலும்புக்கூட்டை மட்டும் வாங்க ஒரு மொழியால் முடியும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீரவில்லை.

‘தான்’ பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், இடம் தீர்ந்தது. அதற்குள் ஒன்று: “யானைதான் வாழையைத் தின்னுச்சு” என்றாலும் பிளக்காமலே யானைமேல் அழுத்தம் விழுகிறது. ஆனால் “எனக்குப் பத்து ரூபாய்தான் கிடைச்சது” என்பதில் அதே ‘தான்’ தொகையைச் சிறிதாக்குகிறது. “கிடைச்சது பத்து ரூபாய்” என்று வெறுமனே பிளந்தால் அந்தக் குறை தொனிப்பதில்லை. அடுத்த வாரம் இங்கிருந்து தொடங்குவோம்.