முப்பது டிகிரி முந்தும் மின்சுற்று

மோட்டாரின் நிலையைக் கட்டுப்படுத்தும் சுற்று ஓயாமல் ஊசலாடுகிறது என்றால், அதன் சிக்னல் சற்றுத் தாமதமாக வருகிறது என்று பொருள். அந்தக் கட்டத்தை முன்னே தள்ள இரண்டு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போதும். R1-க்கு இணையாக C; அதன் வெளியீட்டிலிருந்து தரைக்கு R2.

100 ஹெர்ட்ஸில் 30 டிகிரி முன்னேற்றம் தேவை என்போம். முதலில் α = R2/(R1+R2) என்ற விகிதம். sin 30° = (1−α)/(1+α) என்பதால் α மூன்றில் ஒன்று; அதாவது R1, R2-வைப் போல இரு மடங்கு. உச்சம் வரும் இடம் ω = 1/(R1·C·√α). C-யை 0.1 மைக்ரோஃபாரட் என எடுத்தால் R1 சுமார் 27.6 கிலோஓம், R2 சுமார் 13.8. கடையில் கிடைக்கும் 27-ம் 13-ம் போட்டால் 103 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30.6 டிகிரி. தாராளமாகப் போதும்.

இதற்கு விலை உண்டு. நேர்மின் சிக்னல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 60 டிகிரி கேட்டால் பதினான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். இழப்பை ஈடுகட்ட மும்மடங்கு பெருக்கினால், 100 ஹெர்ட்ஸில் ஆதாயம் 1.73 மடங்காகி, லூப் ஆதாயம் ஒன்றாகும் அலைவெண் மேலே நகர்ந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். ஆகவே பெருக்கத்துக்கு முன் லூப் ஆதாயம் 0.58 ஆக இருக்கும் அலைவெண்ணிலேயே உச்சத்தை வையுங்கள். அடுத்த கட்டத்தின் உள்ளீட்டுத் தடை R2-வைவிடப் பல மடங்கு இல்லையென்றால், நடுவே ஒரு பஃபர் வேண்டும்.