ஏணி விழாமல் நிற்கும் கணக்கு

5 மீட்டர் நீள ஏணி, வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது. அடி, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, சொரசொரப்பான தரையில். எடை 200 நியூட்டன். பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமான கேள்விதான்.

முதலில் ஏணியை மட்டும் தனியே வரைந்து, சுவரையும் தரையையும் அழித்துவிட்டு, அவை தரும் விசைகளை அம்புகளாகப் போட வேண்டும். சுவர் தள்ளுவது, தரை தாங்குவது, உராய்வு, நடுவில் எடை: மொத்தம் நான்கே. வழவழப்பான சுவரில் ஐந்தாவதாக ஓர் உராய்வு அம்பைப் போட்டால் பின்னால் வரும் சமன்பாடுகளும் கெடும்.

பிறகு மூன்று சமன்பாடுகள். செங்குத்தில், தரை தாங்குவது 200. கிடையில், உராய்வும் சுவரின் தள்ளலும் சமம். மூன்றாவது, அடியைச் சுற்றிய திருப்புத்திறன்: தள்ளல் × 4 = 200 × 1.5. தள்ளல் 75 நியூட்டன், உராய்வும் அதே. 1.5-க்குப் பதில் 3 போடுகிறவர்கள் எடை நடுவில் இருப்பதை மறந்தவர்கள்.

உராய்வுக் கெழு 0.5 என்று தந்திருந்தால் பலர் உராய்வு 100 என எழுதிவிடுகிறார்கள். அது தரையால் தர முடிந்த உச்சம். இங்கே தேவைப்படுவது 75தான். சமன்பாட்டுக்குச் சமன்பாடு மதிப்பெண் தரும் தாளில், பெருக்கலில் சறுக்கியவர் அந்த இடத்தில் மட்டுமே இழப்பார். இவர்களோ கிடைச் சமன்பாட்டையே இழக்கிறார்கள்.