காற்றை வடிகட்டலாம், ஹாரனை முடியாது

கைபேசியில் பதிவு செய்த தெருப் பேட்டியை எழுத்தில் இறக்க உட்காரும் பலர் முதலில் செய்வது, இரைச்சல் நீக்கும் வசதியைத் தேடி அதை முழு அளவுக்குத் திருகிவிடுவதுதான். கேட்க அமைதியாகிவிடும். ஆனால் எழுதத் தொடங்கினால் பேசியவர் ‘கிடைக்குது’ என்றாரா, ‘கிடைக்கல’ என்றாரா என்பது புரியாது. இரைச்சலோடு சேர்ந்து சொல்லின் வாலும் போயிருக்கும். எழுதி எடுப்பதற்காகச் சுத்தம் செய்வது வேறு, வானொலிக்குச் சுத்தம் செய்வது வேறு. முதலாவதற்குப் பதிவு இனிமையாக இருக்க வேண்டியதில்லை. சொல் தெரிந்தால் போதும்.

ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். மெரினாவில் மாலை நேரம், காமராஜர் சாலையோரம் சுண்டல் விற்கும் ஒரு அம்மாவிடம் எட்டு நிமிடப் பேட்டி. முதல் இரண்டரை நிமிடம் கடற்காற்று கைபேசியில் அறைகிறது. அடுத்த இரண்டரை நிமிடம் சிக்னலில் பேருந்துகள் எஞ்சின் ஓட நிற்கின்றன. கடைசி மூன்று நிமிடம் போக்குவரத்து நகர்கிறது, ஹாரன்கள் அலறுகின்றன. மூன்று பகுதிக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

காற்றிலிருந்து தொடங்குவோம். நாம் கேட்கும் அந்தப் ‘படபட’ எங்கோ எழுந்து நம்மிடம் வந்து சேரும் ஒலி அல்ல. காற்று மைக்கின் சின்னத் துளையில் மோதிச் சுழலும்போது உண்டாகும் அழுத்த மாற்றம். அதனால்தான் அதே இடத்தில் நின்ற நம் காதுக்குக் காற்று பெரிதாகத் தெரிந்திருக்காது, பதிவில் மட்டும் புயல் அடிக்கும். நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சத்தத்தின் வலு பெரும்பாலும் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடித்தொனியில் குவிந்திருக்கும். பெண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 165-லிருந்து 255 ஹெர்ட்ஸ், ஆண் குரலுக்கு அதைவிடக் கீழே. ஆனால் சொல்லை அடையாளம் காட்டும் மெய்யெழுத்துகளும் உயிரொலி வேறுபாடுகளும் அதற்கு வெகு மேலே இருக்கின்றன.

இதற்குப் பழைய தொலைபேசியே சாட்சி. அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் கடத்தப்படவில்லை, 3400-க்கு மேலேயும் இல்லை. அப்படியும் மறுமுனையில் பேசியது அப்பாவா மாமாவா என்று நமக்குத் தெரிந்தது. காணாமல் போன அடித்தொனியை, மேலே உள்ள ஒலிகளை வைத்து மூளையே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே எழுதி எடுப்பதற்கு மட்டும் என்றால் அடித்தொனியைத் துணிந்து வெட்டலாம். ஒலிபரப்புக்குப் போகிற பதிவில் அப்படி வெட்டினால் குரல் மெலிந்துவிடும்.

இந்த வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். கைபேசிப் பதிவை முதலில் கணினிக்குக் கொண்டுவந்து மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிகள் பொதுவாகத் தரும் m4a கோப்பை ஆடாசிட்டி திறக்க மறுத்தால் FFmpeg என்ற துணை நூலகத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது வேறு கருவியில் wav ஆக மாற்றிக்கொள்ளலாம்.

வடிகட்டும் முன் ஒரு சின்னச் சோதனை. பதிவு ஸ்டீரியோவாக இருந்தால் திரையில் இரண்டு அலைவரிசைகள் தெரியும். Split Stereo to Mono கொடுத்து இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். காற்று இரண்டு மைக்கிலும் ஒன்றுபோல மோதுவதில்லை. பேசுபவர் பக்கம் இருந்த மைக்கை உள்ளங்கை மறைத்திருக்கும், மற்றது காற்றை நேராக வாங்கியிருக்கும். ஒன்று தெளிவாகவும் மற்றது மோசமாகவும் இருந்தால் மோசமானதை அழித்துவிடுங்கள். எந்த வடிகட்டியும் தராத முன்னேற்றம் சில பதிவுகளில் இந்த ஒரு சொடுக்கில் கிடைத்துவிடும். இதை ஏன் யாரும் முதலில் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் புதிர்தான்.

அடுத்து High-Pass Filter. அந்த அம்மாவின் குரலுக்கு Frequency 150, Roll-off 24 dB என்று வைக்கலாம். 150-க்குப் பாதியான 75 ஹெர்ட்ஸில் இருக்கும் உறுமல் ஏறக்குறைய 24 டெசிபல் இறங்கிவிடும். பேசுபவர் கனத்த குரல் ஆணாக இருந்தால் 100, 120-ல் தொடங்கி, தேவைப்பட்டால் மெல்ல ஏற்றலாம். பேருந்து எஞ்சினின் உறுமலும் இதே வடிகட்டியில் பெருமளவு போய்விடும்.

போகாதது ஒன்று உண்டு. காற்று மிகப் பலமாக அறைந்த இடங்களில் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகியிருக்கும். View மெனுவில் Show Clipping வைத்தால் அந்த இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். சில பதிவுகளில் சிவப்புக் கோடு வராமலே, சற்றுத் தாழ்ந்த அளவில் அலை தட்டையாக நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அப்படித் தட்டையானபோது புதிய உயர் ஒலிகள் உண்டாகி குரல் இருக்கும் இடத்திலேயே பரவிவிடுகின்றன. அடித்தொனியை எவ்வளவு வெட்டினாலும் அந்தக் கரகரப்பு போகாது. அங்கே சொல் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லைதான்.

அடுத்து சிக்னலில் நின்ற இரண்டரை நிமிடம். எஞ்சின் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருப்பதால் இங்கேதான் Noise Reduction உண்மையில் உதவும். பேச்சே இல்லாத ஒன்றிரண்டு நொடியைத் தேர்ந்து Get Noise Profile கொடுத்தால், அந்த இரைச்சலின் சாயல் எந்தெந்த அதிர்வில் எவ்வளவு என்று மென்பொருள் குறித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பகுதி முழுவதிலும் அந்த அளவுக்குள் இருப்பதைத் தணிக்கும். இந்தச் சாயலை வடிகட்டிய பிறகே எடுக்க வேண்டும், முன்பு எடுத்தது பொருந்தாது. கடற்காற்றுப் பகுதியில் எடுத்த சாயலைப் பேருந்துப் பகுதிக்குப் போடவும் கூடாது. பகுதிக்குப் பகுதி புதிதாக எடுக்க வேண்டும்.

எவ்வளவு தணிப்பது? Noise reduction (dB) என்ற இடத்தில் 6-லிருந்து 8 வரை போதும். 20, 24 என்று ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை ‘காசு’ என்ற சொல்லை வைத்துப் பார்க்கலாம். பேச்சுத்தமிழில் அதிலுள்ள ‘சு’வின் தொடக்கம் காற்றுச் சீறல்தான், மெல்லியது, இரைச்சலைப் போன்றே பரவலானது. இரைச்சலா எழுத்தா என்று மென்பொருளுக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். சொல்லின் கடைசியில் குரல் தாழும் ‘ல’வுக்கும் இதே கதிதான். ‘விக்கல’ என்பதில் அந்த வால் போனால் மறுப்பே போய்விடும். ‘எழுபது’, ‘எண்பது’ இரண்டையும் பிரிப்பது நடுவில் உள்ள ஓர் எழுத்துதான். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் போகும் என்று அந்த அம்மா சொன்னது எண்பதா எழுபதா என்பதற்கு அச்சில் நாம்தான் பொறுப்பு.

அளவு மீறியதா என்று கண்டுபிடிக்க அதே சாளரத்தில் Residue என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மென்பொருள் எதை நீக்கப்போகிறது என்பதை மட்டும் அது ஒலித்துக் காட்டும். அதில் எஞ்சின் மட்டும் கேட்டால் சரி. அந்த அம்மாவின் குரல் அரைகுறையாகக் கேட்டால் சொல்லைத் தின்கிறோம் என்று பொருள். உடனே அளவைக் குறையுங்கள். இன்னொரு அடையாளம், பேச்சுக்குப் பின்னால் தண்ணீருக்கடியில் சின்ன மணிகள் குலுங்குவது போன்ற ஒரு சத்தம். அது வந்தாலும் அளவு கூடிவிட்டது.

கடைசி மூன்று நிமிடம்தான் கடினம். ஓடும் வண்டியின் டயர் சாலையில் உரசும் சத்தம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸை ஒட்டியே வலுவாக இருக்கும். மனிதக் குரலின் நடுமையமும் அதுதான். ஹாரனும் அதே எல்லைக்குள் பல அடுக்குகளாக ஒலிக்கிறது. வெட்டினால் குரலும் சேர்ந்து வெட்டுப்படும். வண்டிகள் நெருங்கி விலகுவதால் இரைச்சல் நொடிக்கு நொடி மாறுகிறது, அதனால் எடுத்த சாயலும் பொருந்தாது. இங்கே அடித்தொனி வடிகட்டியோடு நிறுத்திவிட்டு, மீதியைக் காதுக்கு விடுவதே நல்லது. நல்ல ஹெட்போன், 80 சதவீத வேகம், ஐந்து நொடித் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஹாரன் விழுங்கிய சொல்லை முன்பின் பார்த்து நிரப்பாதீர்கள். [06:12 - கேட்கவில்லை] என்று நேரத்தோடு எழுதி வையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகே ஒலியளவை ஏற்றுங்கள். முதலிலேயே ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். எழுதும்போது சுத்தம் செய்த பதிவும் மூலப்பதிவும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் இருக்கட்டும். எண், பெயர், ‘இல்லை’ என்ற மறுப்பு இந்த மூன்றில் எது வந்தாலும் மூலத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்யுங்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளிடம் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றுள் பல, இரைச்சலோடு கூடிய பேச்சையே கேட்டுப் பழக்கப்பட்டவை. அதிகம் துடைத்த பதிவைவிட, அடித்தொனி மட்டும் நீக்கிய பதிவில் அவை பல சமயம் குறைவாகவே தவறு செய்யும். பேச்சே இல்லாமல் காற்று மட்டும் வீசும் இடத்தில் இல்லாத வாக்கியத்தையும் அவை எழுதிவைக்கக்கூடும், கவனம்.

அடுத்த பேட்டிக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். பேசி முடித்ததும் பதிவை நிறுத்தாமல் இருவரும் பத்து நொடி சும்மா நில்லுங்கள், Get Noise Profile-க்கு அது உதவும். கைபேசியை 60 செ.மீ. தூரத்தில் பிடிக்காமல் பேசுபவர் வாயிலிருந்து 15 செ.மீ.க்குக் கொண்டுபோங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், ஆக மொத்தம் 12. சொல்லைச் சேதப்படுத்தாமல் அவ்வளவை எந்த இரைச்சல் நீக்கியாலும் தர முடியாது.