ரெண்டு இடத்திலும் வட்டி 12%தான்... ஆனா 5,381 ரூபாய் வித்தியாசம்! எப்படி?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பக்கத்தில் டிபன் கடை போட ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் கடன் வேணும்னு வைத்துக்கொள்வோம். திருச்சியில் ரெண்டு இடத்தில் விசாரிக்கிறார். ரெண்டிலும் வட்டி, அதாவது இன்ட்ரஸ்ட், ஆண்டுக்கு 12%. ஒரே வருஷத்தில் கட்டி முடிக்கணும்.

முதல் இடத்தில் 'ஃப்ளாட் ரேட்'. அசல், அதாவது பிரின்சிபல், மாதாமாதம் குறைந்தாலும் கடைசி வரை முழு 1 லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. மொத்த வட்டி 12,000 ரூபாய். மாதத் தவணையான இஎம்ஐ 9,333 ரூபாய்.

அடுத்த இடத்தில் 'ரெட்யூசிங் பேலன்ஸ்'. மீதமுள்ள அசலுக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதம் 1,000 ரூபாய், கடைசி மாதம் வெறும் 88 ரூபாய். இஎம்ஐ சுமார் 8,885 ரூபாய். மொத்த வட்டி 6,619 ரூபாய்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் அந்த ஃப்ளாட் 12%, உண்மையில் 21.5% பக்கம்!

எப்படிக் கண்டுபிடிப்பது? இஎம்ஐயை மாதங்களால் பெருக்கி, வாங்கிய கடனைக் கழியுங்க. அதுதான் நீங்க கட்டும் வட்டி. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர், சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தரணும். அதில் ஏபிஆர் என்ற வரியைப் பாருங்க. பிராசஸிங் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட விகிதம் அதுதான்.

நகையை ஈடாக, அதாவது கொலாட்டரலாக வைக்கிறீங்கன்னா இதை இன்னும் கவனிக்கணும். தவணை தொடர்ந்து தவறினால், நோட்டீஸ் கொடுத்து நகையை ஏலம் விட முடியும்.