லிட்டருக்கு நாலு ரூபாய் எதற்காக?

பெட்ரோல் பங்க்குகளில் இப்போது இரண்டு விலைகள் தொங்குகின்றன. ஒன்று சாதா டீசல். இன்னொன்று இந்தியன் ஆயிலில் எக்ஸ்ட்ராகிரீன், எச்.பி.யில் டர்போஜெட் என்று பெயர் வைத்துக்கொண்டு சில ரூபாய் கூடுதலாகக் கேட்கும் பிரீமியம் டீசல். ‘சீட்டேன் அதிகம் சார், வண்டி ஸ்மூத்தா ஓடும்’ என்பது வழக்கமான சிபாரிசு. எவ்வளவு அதிகம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. பலகையிலும் அந்த எண்ணைப் போடுவதில்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கிச் சுடவைக்கிறது, அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பீய்ச்சுவதற்கும் பற்றுவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஒரு மில்லி விநாடி தாமதமானால்கூட கிராங்க் 12 டிகிரி திரும்பிவிடும். அதற்குள் உள்ளே சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே நேரத்தில் வெடிப்பதால்தான் பழைய டீசல் வண்டிகளில் அந்தக் ‘கடகட’ சத்தம்.

இந்தத் தாமதத்தை அளப்பதுதான் சீட்டேன் எண். சட்டென்று பற்றும் ஹெக்ஸாடெக்கேன் என்ற ஹைட்ரோகார்பனுக்கு 100 மதிப்பெண். மந்தமாகப் பற்றும் ஹெப்டாமீதைல்நோனேனுக்கு 15. இரண்டையும் பல விகிதங்களில் கலந்து சோதனை இன்ஜினில் ஓட்டி, எந்தக் கலவையோடு நம் டீசல் ஒத்துப்போகிறது என்று பார்த்து எண் கொடுப்பார்கள். எண் கூடினால் தாமதம் குறையும், அவ்வளவுதான். டீசலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், இயல்பிலேயே சீட்டேன் மிகுந்த பாரஃபின் வகை டீசல் அடர்த்தி குறைந்தது. லிட்டர் கணக்கில் அதன் வெப்பச் சக்தி சற்றுக் குறைவாகவே இருக்கும்.

சாதா டீசல் ஒன்றும் மட்டமான சரக்கு அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கும் பி.எஸ்.-6 டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் 51. அமெரிக்காவில் அது 40தான்.

அந்தத் தாமதத்தை இன்ஜினே சமாளிக்கும் வழிதான் காமன் ரெயில். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த இந்த முறையில், ஒரு பொதுக் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று இன்ஜெக்டருக்கு இ.சி.யூ. உத்தரவு போடும். முக்கியப் பீய்ச்சலுக்கு முன்னால் ஓரிரு கன மில்லிமீட்டர் மட்டும் உள்ளே விட்டுப் பற்றவைக்கும்; இதற்குப் பைலட் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். அந்தச் சூட்டில் விழும் முக்கிய டீசல் தயங்காமல் எரிகிறது. அதிகச் சீட்டேன் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை இன்ஜினே இப்படி முடித்துவிடுகிறது. ஆகவே 51-க்கு மேல் இன்னும் நாலைந்து எண் ஏறினால், கடுங்குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப்புகை குறைவது தெரியலாம். சென்னை வெயிலில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் காசு எதற்கு? டிட்டர்ஜென்ட் சேர்மானத்துக்கு. இன்ஜெக்டரின் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். நுனித் துளைகளில் கரி படிந்தால் பீய்ச்சும் அளவு குறையும். உள்ளே சோடியம் சோப்பு போன்ற படிவு ஒட்டினால் ஊசியே திக்கும். தரமான டிட்டர்ஜென்ட் இதைத் தடுக்கும், படிந்த கரியையும் ஓரளவு கரைக்கும். பிரீமியத்தின் நிஜப் பலன் இதுதான். ஆனால் விளம்பரத்துக்கு சீட்டேன் என்ற சொல்தான் எடுப்பாக இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 12 கி.மீ. தரும் எஸ்.யூ.வி., வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓடுகிறது என்றால் 1,000 லிட்டர் டீசல். சாதா 92 ரூபாய், பிரீமியம் 96 என்று வைத்தால் கூடுதல் செலவு 4,000 ரூபாய். மைலேஜிலேயே அது திரும்ப வர வேண்டுமானால் 12 கி.மீ. 12.5-க்கு மேல் ஏற வேண்டும். இன்ஜெக்டர் சுத்தமாக இருக்கும் புது வண்டியில் அப்படி ஏற வழியில்லை. ஏ.சி., டயர் காற்று, சிக்னல் நெரிசல் ஆகியவையே மைலேஜை அதைவிடப் பெரிதாக ஆட்டிவைக்கும்.

ஒரு லட்சம் கி.மீ. தாண்டி, ஐடிலில் லேசாக உதறும் வண்டி வேறு கதை. மெக்கானிக்கிடம் ஸ்கேனர் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இ.சி.யூ. செய்யும் இன்ஜெக்டர் திருத்த அளவைப் பார்க்கச் சொல்லலாம். எல்லாமே பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பிரீமியம் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. ஒன்று மட்டும் தனியே விலகியிருந்தால் நாலைந்து டேங்க் பிரீமியம் போட்டு ஓட்டி, இன்ஜின் அதே சூட்டில் இருக்கும்போது மறுபடி பார்க்கலாம். எண் இறங்கினால் காரணம் படிவு. இறங்காவிட்டால் தேய்மானமாகவோ வேறு கோளாறாகவோ இருக்கும்; இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்சில் சோதிக்க வேண்டியதுதான்.

டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் பிரீமியம் காப்பாற்றாது. ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. தண்ணீர் புகுந்தால் பம்ப் உராய்ந்து, அதன் உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். அந்தப் பழுது லட்ச ரூபாயைத் தொடலாம். அதனால் அந்த 4,000 ரூபாயில் முதலில் நல்ல டீசல் ஃபில்டர் ஒன்றை வாங்கி, கம்பெனி சொன்ன கி.மீ.க்குள் மாற்றிவிட்டு, மிச்சத்துக்குப் பிரீமியம் போடுவது பற்றி யோசிக்கலாம்.