'ஒன்றைக் கழி' எப்போது பொருந்தும்? – வரிசைப் புதிர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி

எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் மனத்திறன் தாளுக்கு 90 வினாக்கள், 90 நிமிடங்கள். உதவித்தொகைக்குத் தெரிவானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். வடக்குத்தில் முந்திரித் தோப்புக்கும் ஒப்பந்த வேலைக்கும் போகிற பெற்றோருக்கு அது சிறு தொகை அல்ல.

வினாவுக்கு ஒரு நிமிடம்தான் என்பதால் சுருக்குவழியைத் தவிர்க்க முடியாது. ஆனால் எங்கள் மாணவர்கள் சுருக்குவழி தெரியாமல் இழக்கும் மதிப்பெண் குறைவு. பொருந்தாத இடத்தில் அதைப் போட்டு இழப்பதே அதிகம். அதனால் சனிக்கிழமைப் பயிற்சியின் ஒரு மணி நேரத்தில் வினாத்தாளுக்கு 20 நிமிடம் மட்டுமே ஒதுக்குகிறேன். மீதி நேரம் வழிமுறையைப் பேசுவதற்கு. வரிசைப் புதிர்களுக்கு நடத்தும் வகுப்பை இங்கே சொல்கிறேன்.

முதல் 15 நிமிடம் கரும்பலகையில் சூத்திரம் கிடையாது. ஏழு பேரை வரிசையாக நிறுத்துவேன். ஒரு மாணவி இடமிருந்து 3ஆவது, வலமிருந்து 5ஆவது. இரண்டையும் கூட்டினால் 8. நிற்பதோ 7 பேர். அந்த மாணவியை இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதற்காகத்தான் ஒன்றைக் கழிக்கிறோம். தேர்வறையில் கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறினால் சோதிக்க ஒரு வழி உண்டு. வரிசையில் ஒரே ஒருவர் நிற்கிறார். அவர் இடமிருந்தும் முதல், வலமிருந்தும் முதல். 1 + 1 – 1 = 1. ஐந்து விநாடியில் ஐயம் தீரும்.

அடுத்த 20 நிமிடத்தில் 20 வினாக்கள். விடையோடு, எந்த வழியில் போட்டோம் என்பதையும் ஓர் எழுத்தில் குறிக்க வேண்டும்: படம் வரைந்தால் 'ப', சுருக்குவழி என்றால் 'சு', ஊகம் என்றால் 'ஊ'. தாளில் எனக்கு மிகவும் பயன்படுவது இந்த எழுத்துதான். 'ப' போட்டுத் தவறிய விடையில் பெரும்பாலும் எண்ணுவதில் பிழை இருக்கும். 'சு' போட்டுத் தவறியிருந்தால் வினாவையே வேறாகப் படித்திருக்கிறார்கள். முதலாவதற்குப் பயிற்சி போதும். இரண்டாவதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

மீள்பார்வைக்கு 25 நிமிடம். அதில் இரண்டு வினாக்களை மட்டுமே விரிவாக எடுப்பேன். முதல் வினா: 'கலா இடமிருந்து 9ஆவது, மாலா வலமிருந்து 7ஆவது. இருவரும் இடம் மாறியபின் கலா இடமிருந்து 16ஆவது. மொத்தம் எத்தனை பேர்?' கண்ணில் முதலில் படும் 9, 7 இரண்டையும் கூட்டி, ஒன்றைக் கழித்து 15 என்று எழுதுகிறவர்கள் பலர். 16ஆவது இடம் இருக்கும் வரிசையில் 15 பேர் எப்படி நிற்பார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்டாலே போதும். ஒன்றைக் கழிப்பது ஒரே இடத்தின் இரண்டு எண்களுக்கு மட்டும் பொருந்தும். கலா இப்போது நிற்பது மாலாவின் பழைய இடம்; அது இடமிருந்து 16, வலமிருந்து 7. ஆகவே 16 + 7 – 1 = 22.

இரண்டாவது வினா கடினம்: 'கலா இடமிருந்து 15ஆவது, மாலா வலமிருந்து 18ஆவது. இருவருக்கும் இடையே 4 பேர். வரிசையில் குறைந்தபட்சம் எத்தனை பேர்?' 15 + 18 + 4 = 37 என்பது கலாவுக்கு வலப்பக்கம் மாலா நிற்கும்போது சரி. 'குறைந்தபட்சம்' என்ற சொல் மாலாவைக் கலாவுக்கு இடப்பக்கம் கொண்டுபோகிறது. அப்போது இடையில் உள்ள 4 பேரும், கலா, மாலா இருவரும் இரண்டு முறை எண்ணப்படுகிறார்கள். 33இல் 6 போனால் 27. சரிபார்ப்போம்: 27 பேரில் வலமிருந்து 18ஆவது என்றால் இடமிருந்து 10ஆவது, 10க்கும் 15க்கும் நடுவே நான்கு பேர்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கலா 3ஆவது, மாலா 5ஆவது, இடையே 4 பேர் என்று எண்களை மாற்றினால் 8 – 6 = 2 வரும். இரண்டு பேர் வரிசையில் மூன்றாவது ஆள் ஏது? இடப்பக்கம் போக மாலாவுக்கு இடமே இல்லை. ஆகவே 12 ஒன்றே விடை. இப்படி எண்களை மாற்றிப் பார்க்காமல் எந்தச் சுருக்குவழியையும் நான் விடுவதில்லை.

கடைசியில், 'சு' சரியாக வந்த வழிகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். ஒவ்வொன்றின் கீழும் 'எப்போது பொருந்தாது' என்று ஒரு வரி கட்டாயம். அந்த வரியை எழுத முடியாதவர் அடுத்த வாரமும் படம் வரைந்தே போடட்டும்; ஐந்தாறு பேருக்கான சிறு படத்துக்கு நிமிடம்கூட ஆகாது. பெரிய எண்கள் வந்து நேரம் இழுத்தால் வினாவைச் சுழித்துவிட்டு நகர்ந்து, இறுதியில் திரும்பலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் ஓ.எம்.ஆர். தாளில் எந்த வட்டத்தையும் காலியாக விட வேண்டியதில்லை.